சொன்ன சொல் எங்கே போகும்?



சென்ற மாதம் தாம்பரத்துக்கு அருகே உள்ள ஒரு கல்லூரியில் மனநல விழிப்புணர்வுக் கூட்டம் ஒன்று நடந்தது. நம் சபையின் வாலிபர் இருவர் அங்கே படிக்கிறார்கள். மாணவர் மன்றத்தின் சார்பில் அவர்கள் அழைத்ததால் நானும் போயிருந்தேன். முன்வரிசையில் ஓர் இருக்கை ஒதுக்கி, கையில் ஒரு பூங்கொத்தையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டம் முடிந்தபோது அந்தப் பூங்கொத்தை எங்கே வைத்தேன் என்பதே எனக்கு நினைவில்லை.

பேச வந்திருந்தவர் ஒரு பெண் மனநல மருத்துவர். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். மேடைக்குப் பின்னால் ‘தயங்காமல் பேசுங்கள்’ என்று பெரிய எழுத்தில் பதாகை கட்டியிருந்தார்கள். அவர் அதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “முந்நூறு பேருக்கு நடுவே, பக்கத்து இருக்கையில் வகுப்புத் தோழன் இருக்கும்போது யார் பேசுவார்கள்? நானாக இருந்தாலும் பேசமாட்டேன்” என்றார். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான வெள்ளைச் சீட்டும், ஒரே மாதிரியான பென்சிலும் கொடுக்கச் சொன்னார். பேனா வேண்டாம், மையின் நிறத்தைக் கொண்டே யார் எழுதியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். எழுத எதுவும் இல்லாதவர்களும் ‘ஒன்றுமில்லை’ என்றாவது எழுதி மடித்துப் போட வேண்டும். எல்லோரும் எழுதும்போதுதான், உண்மையிலேயே எழுதுகிறவரை எவரும் கவனிக்கமாட்டார்கள். இவ்வளவு சிறிய காரியத்தில் இவ்வளவு யோசனையா என்று எண்ணினேன். சீட்டுகள் வாசிக்கப்பட்ட பிறகே அதன் பொருள் விளங்கியது.

பெட்டியைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: “நீங்கள் பேசத் தயங்குவது கோழைத்தனம் அன்று. அது ஒரு கணக்கு. ‘நான் சொன்னால், அந்தச் சொல் எங்கே போகும்?’ என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்குக்கு விடை தெரியாதவரை, தயங்காதே என்று சொல்வதில் பயனில்லை.”

சீட்டுகளில் பாதிக்கு மேல் அந்தக் கணக்குத்தான் இருந்தது. ‘கல்லூரி ஆலோசகரிடம் சொன்னால் விடுதிக் காப்பாளருக்குத் தெரியுமா?’ ‘சான்றிதழில் எழுதுவார்களா?’ ‘நாளைக்கு அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இது தடையாகுமா?’ ‘சாக வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னால் போலீஸ் வருமா?’ நோயைப் பற்றிய கேள்விகளைவிட, நோயைச் சொன்னால் என்ன ஆகும் என்ற கேள்விகளே மிகுதி.

மருத்துவர் ஒவ்வொன்றுக்கும் நேராகப் பதில் சொன்னார். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. சிகிச்சை பெறுகிறவரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பதை அது நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறைந்தவர் மருத்துவரைப் பார்க்கப் பெற்றோரின் கையொப்பம் தேவையில்லை. மருத்துவரைப் பார்த்ததைக் கல்லூரிச் சான்றிதழில் யாரும் எழுதுவதில்லை. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு கூறுகிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில், அந்த முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இடம்பெறவில்லை. வெறுமனே சாக வேண்டும் என்று தோன்றியதைச் சொல்வது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. இதைச் சொன்னபோது பின்வரிசைகளில் ஒரு சலசலப்பு எழுந்தது. இதுவரை இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும். உண்மையைச் சொன்னால், எனக்கும் சொல்லவில்லை.

ஆனால் இரகசியத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை. “உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால், நான் ஒருவரிடம் சொல்வேன். யாரிடம் சொல்லப் போகிறேன் என்பதை முதலில் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்.” எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கு இப்பால் மனிதன் அச்சமின்றி நடக்கிறான். எல்லையே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பின்னால் மீறுகிறவர்களால்தான் நம்பிக்கை கெடுகிறது.

கூட்டத்துக்கு நடுவே அவர் ஊர்க்கதை ஒன்றைத் தொட்டார். அவர் மின்சார இரயிலில் வந்தவர். தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரை மாணவரிடம் கேட்டார். “சானட்டோரியம்” என்று கூடமே பதில் சொன்னது. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டபோது சிலரே சொன்னார்கள். 1928இல் டாக்டர் சவுரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இல்லம் அது. என் பாட்டி காலத்தில் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லமாட்டார்கள். ஒரு வீட்டுக்காரர் ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்றால், ஊர் தானாகப் புரிந்துகொள்ளும். அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள். இன்று அதே பெயரில் பிள்ளைகள் பயணச்சீட்டு வாங்குகிறார்கள். இடையில் என்ன நடந்தது? மருந்து வந்தது. 1950களின் பிற்பகுதியில் சென்னையிலேயே ஓர் ஆய்வு நடந்தது. நோயாளியை ஒதுக்கி வைக்காமல், வீட்டிலேயே முறையாக மருந்து கொடுத்தாலும் அவர் குணமாகிறார், வீட்டாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்தில்லை என்று அது காட்டியது. உலகமே அதைப் பின்பற்றியது. காசநோய் பற்றிய கூச்சம் முற்றிலும் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நம் சபையிலேயே அதை மறைக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் அந்த அச்சம் குறைந்ததற்கு, ‘அஞ்சாதே’ என்ற அறிவுரை காரணம் அன்று. அஞ்ச வேண்டியது எவ்வளவு, அஞ்ச வேண்டாதது எவ்வளவு என்று ஒருவர் அளந்து சொன்னதே காரணம்.

அதன் பிறகுதான் அந்தச் சீட்டு வந்தது. மருத்துவர் முதலில் மனத்துக்குள் வாசித்தார். ஒரு கணம் முன்வரிசையைப் பார்த்தார். பிறகு உரக்க வாசித்தார்: ‘எனக்கு மனச்சோர்வு என்று அம்மா சபையில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அதற்குப் பிறகு நான் சபைக்குப் போகவில்லை. இனி யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.’

ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. அது எந்தச் சபை என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. ஆனால் அது நம் சபையாகவும் இருந்திருக்கலாம். ஞாயிறுதோறும் ஜெப விண்ணப்பப் பட்டியலை நான் எப்படி வாசித்து வந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்னாருக்கு அறுவைச் சிகிச்சை, இன்னாருக்கு வேலை, இன்னாருடைய மகளுக்கு ‘மனதில் சமாதானம்’. கடைசிச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்று தெரியாதவர் சபையில் எவருமில்லை. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் வேளைக்குள் அது செம்பாக்கத்திலிருந்து பெருங்களத்தூர் வரை போய்ச் சேர்ந்துவிடும். வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டால் இன்னும் விரைவு. யாருக்கும் தீய எண்ணம் இல்லை, அன்பினால்தான் சொல்கிறோம். அந்த மகளிடம் மட்டும் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கூடத்தில் நான் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. “இதை எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நானும் இப்படிச் செய்திருக்கிறேன்” என்று சொல்லி ஒலிபெருக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றையும் சொல்லியிருக்க வேண்டும், துணிவு வரவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நான் ஊழியம் செய்தபோது ஒரு வாலிபன் இரவில் என் வீட்டுக்கு வந்து, தூக்கமே வருவதில்லை, எதிலும் மனம் செல்வதில்லை என்றான். ஐந்து நிமிடம் கேட்டேன். விசுவாசத்தில் உறுதியாயிரு என்று சொல்லி, தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினேன். அவன் பிறகு வரவில்லை. வேறு நகரத்தில் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறான் என்று வெகுகாலம் கழித்து அறிந்தேன், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, இனிப் போதும் என்று சாவைக் கேட்டபோது, ஆண்டவர் அவனுக்கு முதலில் கொடுத்தது உறக்கமும் அப்பமும் தண்ணீரும். கேள்வி வெகுதூரம் கழித்தே வந்தது. இதைப் பல முறை பிரசங்கித்த நான், அந்தப் பிள்ளையிடம் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து இருசக்கர வண்டிகள் நிற்கும் கொட்டகையருகே நின்றிருந்தேன். ஒரு மாணவர் வந்து, “ஐயா, அந்தச் சீட்டு என்னுடையது இல்லை” என்றார். பிறகு பேசாமல் நின்றார். அவர் நம் சபையாரும் அல்லர், கிறிஸ்தவரும் அல்லர். (அவர் இதைப் படித்துப் பார்த்து, ஒப்புக்கொண்ட பிறகே எழுதுகிறேன். அடையாளம் தரக்கூடியவற்றை மாற்றியிருக்கிறேன்.) மேடையில் யாரும் பேசமாட்டார்கள், வெளியே போகும் வழியில்தான் பேசுவார்கள், பேசத் தொடங்கும்போது வேறு எதையோ பேசுவார்கள் என்று மருத்துவர் அரைமணி நேரத்துக்கு முன்தான் சொல்லியிருந்தார்.

கல் திண்ணையில் அருகருகே உட்கார்ந்தோம். எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் அவர் அவ்வளவு பேசியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளி விடுமுறை முடிந்ததிலிருந்து என்றார். ஏறக்குறைய ஆறு வாரங்கள். இரவு ஒரு மணிக்கு உறங்கினால் நான்கு மணிக்கு விழிப்பு, பிறகு உறக்கமில்லை. விடுதி உணவகத்தில் காலை உணவை விட்டுவிட்டார். விருப்பமான கிரிக்கெட்டுக்கும் போவதில்லை. மட்டையை அறைத்தோழனுக்குக் கொடுத்துவிட்டார். நூலகப் புத்தகங்களையும் நண்பர்களிடம் வாங்கிய சிறு கடன்களையும் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல ஒழுக்கம் வந்துவிட்டது என்று நண்பர்கள் கேலி செய்தார்களாம்.

சோகம் எல்லோருக்கும் வருவதுதான். அது நோயா என்று அறிய மருத்துவர் ஓர் அளவுகோல் சொல்லியிருந்தார். மனம் தாழ்ந்திருப்பதோ, எதிலும் நாட்டம் அற்றிருப்பதோ இரண்டு வாரங்களுக்கு மேல், ஏறத்தாழ எல்லா நாளும், நாளின் பெரும்பகுதியும் நீடிக்கிறதா? அதோடு உறக்கம், பசி, கவனம், உடல் வலிமை ஆகியவையும் மாறியிருக்கின்றனவா? படிப்பும் அன்றாட வேலையும் தடைப்படுகின்றனவா? அப்படியானால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பொருள்களைத் திடீரெனப் பிறருக்குக் கொடுத்துவிடுவதும் கணக்கு முடிப்பதும் அதற்கும் மேலான எச்சரிக்கை. அவை இருந்தால் நேராகக் கேட்டுவிட வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்க என் நாக்கு எழவில்லை. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் நம்மில் பலருக்கும் உண்டு. அது தவறு, கேட்பதால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்று மருத்துவர் அழுத்திச் சொல்லியிருந்தார். சுற்றி வளைத்து ‘தப்பான முடிவு ஏதும் எடுக்கமாட்டாயே?’ என்று கேட்கக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்; அந்தக் கேள்வியிலேயே ‘இல்லை என்று சொல்லிவிடு’ என்ற வேண்டுதல் ஒளிந்திருக்கிறது. ஆகவே கேட்டேன்: “தம்பி, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா?”

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாம் ஐயா” என்றார். தோள்கள் தளர்ந்தன. ஒரு சுமையை இறக்கி வைத்தவரைப் போலத்தான் இருந்தார். நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. எப்படி, எப்போது என்று ஏதாவது திட்டம் இருக்கிறதா என்று அடுத்துக் கேட்டேன். தெளிவாக இல்லை, ஆனால் இரவுகளில் யோசிப்பதுண்டு என்றார். உடனே, “யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யுங்கள்” என்றார்.

எங்கே சறுக்குவேன் என்று மருத்துவர் முன்பே காட்டியிருந்த இடம் அது. அன்புமிகுதியில் நாம் சத்தியம் செய்துவிடுவோம். நான் சொன்னேன்: “அந்தச் சத்தியம் செய்யமாட்டேன். ஊரில் யாருக்கும் சொல்லமாட்டேன், உங்கள் ஆசிரியர்களுக்கும் சொல்லமாட்டேன். ஆனால் உங்களுக்கு உதவக்கூடிய ஒருவரிடம் சொல்ல வேண்டும். யார் என்று நீங்களே சொல்லுங்கள்.” அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சற்று யோசித்து, “அக்காவிடம் சொல்லலாம். அப்பாவிடம் இப்போது வேண்டாம்” என்றார். மருத்துவர் இன்னும் முதல்வர் அறையில்தான் இருந்தார். அங்கே இருவரும் நடந்தே போனோம். அவரைத் தனியாக அனுப்பவில்லை. எண்ணை எழுதிக் கொடுத்து ‘போய்ப் பார்’ என்று அனுப்பப்படுகிறவர்களில் பலர் போவதேயில்லையாம்.

மருத்துவர் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். அன்றிரவு விடுதியில் தனியாக இருக்க வேண்டாம் என்று முடிவாயிற்று; மாலைக்குள் மதுராந்தகத்திலிருந்து அக்கா வந்துவிட்டார். அவருடைய அறையிலும் வீட்டிலும் ஆபத்தானவை எவையும் கைக்கு எட்டும்படி இருக்கக்கூடாது என்பதையும் அக்காவிடம் விளக்கினார். மறுநாளே மருத்துவமனையில் முறையான பரிசோதனை நடந்தது. மருந்து தொடங்கிய இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பெரிய மாற்றம் தெரியாமலிருக்கலாம்; ‘பலனில்லை’ என்று நிறுத்திவிடுகிற கட்டம் அதுதான். மனம் தெளியும் முன்பே உடலில் சுறுசுறுப்பு வந்துவிடலாம் என்பதால், முதல் வாரங்களில் வீட்டார் கூடுதலாகக் கவனித்திருக்க வேண்டும். நலமான பிறகும் மாதக்கணக்கில் மருந்து தொடரும். நிறுத்துவதும் மருத்துவர் சொற்படி படிப்படியாகத்தான். அடிமையாகிவிடுவேனா என்று அவர் கேட்டதற்கு, அவருக்குக் கொடுக்கப்பட்ட வகை மருந்து போதைப் பழக்கம் உண்டாக்குவதன்று என்று மருத்துவர் சொன்னார்.

மருத்துவர் அருகில் இல்லாத இரவுகளும் உண்டு. அதற்காக அவர் கூட்டத்தில் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒன்று 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை, தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை. மற்றொன்று சென்னையின் சினேகா: 044-24640050. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய தன்னார்வ அமைப்பு அது. அங்கே அறிவுரை சொல்வதில்லை, கேட்பதுதான் வேலை. தேர்வு முடிவு நாள்களில் அங்கே வந்து குவிந்த அழைப்புகளிலிருந்து ஒன்றை அவர்கள் கண்டுகொண்டார்கள். ஒரு பாடத்தில் தவறினால் ஓர் ஆண்டே வீணாகிறது என்பதே பிள்ளைகளை நசுக்கியது. உடனடித் துணைத்தேர்வு வேண்டுமென்று அவர்கள் அரசிடம் வற்புறுத்தினார்கள். தமிழ்நாடு அதை ஏற்றது. நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் அந்தத் தேர்வு எழுதி அதே ஆண்டு கல்லூரிக்குப் போயிருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் யாரோ இரவில் சொன்ன சொல் அங்கே போய்ச் சேர்ந்தது.

நம் சபைக்கு வருகிறேன். மூப்பர் கூட்டத்தில் இதைப் பேசினோம், எளிதாக இல்லை. பெயர் சொல்லாமல் ஜெபித்தால் ஜெபத்தில் பாரம் வராது என்று ஒருவர் சொன்னார், அதை நான் இலேசாகத் தள்ளவில்லை. முடிவில், மனநலம் பற்றிய விண்ணப்பங்களை இனிப் பெயரோடு அறிவிப்பதில்லை, குழுவிலும் இடுவதில்லை; சம்பந்தப்பட்டவரே வாய்திறந்து கேட்டுக்கொண்டால் மட்டும் அதற்கு விலக்கு என்று தீர்மானித்தோம். பெற்றோர் கேட்டுக்கொண்டாலும் போதாது. பின்வாசலருகே பூட்டிய மரப்பெட்டி ஒன்று வைத்தோம். பக்கத்தில் ஒரே மாதிரி சீட்டுகளும் பென்சில்களும்.

முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு சீட்டு இருந்தது. விண்ணப்பம் ஒன்றும் இல்லை. ‘சாவி யாரிடம் இருக்கிறது?’ என்று மட்டும் எழுதியிருந்தது.

சாவி ஒன்றுதான். அது என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நான் மட்டும் திறப்பேன். படித்த சீட்டை அன்றே எரித்துவிடுவேன். எழுதியவர் என்னைப் பார்க்க விரும்பினால், பெயர் வேண்டாம், ஒரு நேரத்தை மட்டும் எழுதினால் போதும். அந்த நேரத்தில் வேப்பமரத்தடித் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன்.